ஸ்லைடில் நான்கு குளம், பட்ஜெட்டில் மூன்று

கேள்வி:

ஐயா, நான் கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் திட்ட உத்தியோகத்தராக இருக்கிறேன். சிறு குளங்களைப் புனரமைக்கும் திட்டம் ஒன்றுக்குப் போன கிழமை கொழும்பில் இருந்து வந்து கிக்-ஓஃப் கூட்டம் வைத்தார்கள். 19 ஸ்லைட். அதை வைத்து புரொஜெக்ட் சாட்டர் எழுதித் தரச் சொன்னார்கள். ஸ்லைட்களில் இருந்ததை எல்லாம் தலைப்பு வாரியாகப் படிவத்தில் எடுத்துப் போட்டுக் கொடுத்தேன். "இது சாட்டர் இல்லை, ஸ்லைடை வேர்ட் ஃபைலாக்கி இருக்கிறீர்கள்" என்று திரும்பி வந்துவிட்டது. நோக்கம், வேலை எல்லை, கட்டுப்பாடு என்ற மூன்று தலைப்பிலும் ஒரே விசயத்தைத்தான் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறேன் போல. எப்படிப் பிரிப்பது? ஸ்லைட்களை இணைத்திருக்கிறேன்.

— வாசகி, கிளிநொச்சி

பதில்:

வணக்கம் தங்கச்சி. ஸ்லைட்களை இரண்டு தரம் பார்த்தேன். முதல் தரம் கொழும்புக்காரர் காட்டிய வேகத்தில், இரண்டாம் தரம் கையில் பேனையோடு. இரண்டாம் தரம்தான் விசயம் பிடிபட்டது.

கிக்-ஓஃப் ஸ்லைட் என்பது கேட்டுக்கொண்டிருப்பவரைத் தலையாட்ட வைப்பதற்காகச் செய்தது. அதில் பிழையில்லை, அதன் வேலையே அது. சாட்டர் என்பது திட்டம் எதைச் செய்யும் என்று எழுதி ஒப்புக்கொள்ளும் கடதாசி, அதில் ஒருவர் கையெழுத்துப் போடுவார். ஒரு வருடம் கழித்து "நீங்கள் இதைச் செய்வதாகச் சொன்னீர்களே" என்று இன்னொருவர் அந்தக் கடதாசியை எடுத்துக் காட்டுவார். ஆகவே ஸ்லைடில் உள்ள ஒவ்வொரு வசனத்தையும் தனியாக எடுத்து ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இது நடக்காமல் போனால் யாரிடம் யார் கணக்குக் கேட்பார்? பதில் இல்லாத வசனம் சாட்டருக்குள் வரத் தேவையில்லை. உங்கள் 3ஆம் ஸ்லைடில் "110 விவசாயக் குடும்பங்களின் வாழ்வாதாரம் நிலைபேறான முறையில் மேம்படும்" என்று இருக்கிறது. மேம்படவில்லை என்றால் யார் யாரைக் கேட்பது? அது திட்டத்தின் பின்னணிப் பந்தியில் ஒரு வரியாக இருக்கட்டும். நோக்கம் என்ற தலைப்பின் கீழ் வேண்டாம்.

ஸ்லைட்களைக் கடதாசியில் அச்செடுத்துக்கொண்டு உட்காருங்கள். தப்பிப் பிழைக்கும் ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் ஓர் அடையாளம் போடுங்கள். முடிவில் என்ன மாறியிருக்க வேண்டும் என்று சொன்னால் அது நோக்கம். எதைச் செய்து கையளிப்போம் என்று சொன்னால் அது வேலை எல்லை. நாங்கள் மாற்ற முடியாத ஒன்றைச் சொன்னால் அது கட்டுப்பாடு. இன்னும் யாரும் உறுதிப்படுத்தாத ஒன்றை உண்மை மாதிரிச் சொன்னால் அது எடுகோள். உங்கள் படிவத்தில் எடுகோளுக்கு இடமே இல்லை, அதனால்தான் அந்த வசனங்கள் எல்லாம் மற்ற மூன்று தலைப்புக்குள்ளும் போய் நெருக்கிக்கொண்டு நின்றிருக்கின்றன. நான் செய்து பார்த்தபோது 19 ஸ்லைடிலும் பதினைந்து வசனத்துக்குக் கிட்டத்தான் மிஞ்சியது. கவலைப்படாதீர்கள். சாட்டர் மூன்று பக்கத்தைத் தாண்டினால் கையெழுத்துப் போடுபவர் வாசிக்கமாட்டார்.

அடையாளம் போடுவதற்கு முன்னம் இன்னொரு வேலை உண்டு. ஸ்லைட்களை ஒன்றோடொன்று மோத விடுங்கள். 6ஆம் ஸ்லைடில் வரைபடம். அதில் நீலப் புள்ளி நான்கு. 3ஆம், 11ஆம் ஸ்லைட்களில் குளம் மூன்று. 8ஆம் ஸ்லைடில் "தெரிவுசெய்யப்பட்ட குடும்பங்களுக்கு விதைநெல்" என்று ஒரு வரி. 11ஆம் ஸ்லைடில் மொத்தம் 42 மில்லியன் ரூபாய்: கட்டுமானத்துக்கு 30, பயிற்சிக்கு 4, ஆளணிக்கு 5, எதிர்பாராச் செலவுக்கு 3. கூட்டிப் பாருங்கள், 42 சரியாக வருகிறது. விதைநெல்லுக்கு அங்கே ஒரு சதமும் இல்லை.

நீங்கள் எழுதிய சாட்டரில் நான்கு குளமும் வந்துவிட்டது, விதைநெல்லும் வந்துவிட்டது. உங்களில் குறை சொல்லவில்லை, ஸ்லைடில் இருந்ததை நம்பினீர்கள். ஆனால் ஸ்லைட்கள் ஒன்றுக்கொன்று முரண்படும்போது நான் பணம் உள்ள ஸ்லைடைத்தான் நம்புவேன். மற்றதை ஒருவர் விருப்பப்பட்டுப் போட்டிருக்கலாம், பழைய முன்மொழிவில் இருந்து வெட்டி ஒட்டியிருக்கலாம். பணக் கணக்கை மட்டும் யாரோ ஒருவர் உட்கார்ந்து கூட்டியிருப்பார். அதற்காக நீங்களாகவே தீர்ப்புச் சொல்லி நான்காவது குளத்தை வெட்டிவிடவும் வேண்டாம். கேள்வியாக எழுதி அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள். அந்த நான்காவது குளத்து ஊரில் யாராவது அந்தப் படத்தைக் கண்டிருந்தால், அவர்கள் இப்போதே வெள்ளைத் தொப்பிக்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இனி நோக்கம். 4ஆம் ஸ்லைடில் "நெல் விளைச்சல் 20 வீதம் உயரும்" என்று இருக்கிறது. எண் இருக்கிறது, வீதம் இருக்கிறது, பார்த்தால் நல்ல நோக்கம் மாதிரித்தான். நீங்களும் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். இப்போது நாட்காட்டியைப் பக்கத்தில் வையுங்கள். திட்டம் பெப்ரவரி 1இல் தொடங்கி அடுத்த ஜனவரி 31இல் முடிகிறது. வேலை நடக்கும் வருடத்து ஒக்டோபர் மழையோடு காலபோகம் விதைப்பார்கள். அது அறுவடையாவது பெரும்பாலும் பெப்ரவரி, மார்ச்சில். அதாவது 20 வீதம் உயர்ந்ததா இல்லையா என்று பார்க்கக்கூடிய நாளில் திட்டமே இருக்காது. உங்கள் ஒப்பந்தமும் முடிந்திருக்கும்.

மற்றப் பக்கத்தையும் பாருங்கள். 20 வீதம் எதிலிருந்து? ஒப்பிடுவதற்குப் பழைய விளைச்சல் வேண்டும். அந்த அறுவடை நடப்பது திட்டம் தொடங்கும் பெப்ரவரியிலும் மார்ச்சிலும். ஆள் எடுத்து, மோட்டார் சைக்கிள் வாங்கி, கணக்கெடுப்புப் படிவம் அச்சடித்து முடிக்கும்போது நெல் மூட்டை கட்டி விற்றாகிவிடும். பிறகு கமக்காரரிடம் "போன வருசம் ஏக்கருக்கு எத்தனை மூட்டை?" என்று ஞாபகத்தில் இருந்து கேட்டு எழுதவேண்டி வரும். ஆக, அளவிடுவதற்கான இரண்டு அறுவடையில் ஒன்று திட்டத்தின் வாசலில் நிற்கிறது, மற்றது கொல்லைப் படலைக்கு வெளியே நிற்கிறது.

இன்னும் ஒன்று. குளம் திருத்தியதன் பலன் ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்ற கணக்கில் அதிகம் தெரியாது. காலபோகத்துக்கு மழை பாதி வேலையைச் செய்துவிடும். பலன் தெரிவது சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கத் தண்ணீர் மிஞ்சுகிறது என்பதில். அது ஏப்ரலில். அதுவும் திட்டத்துக்கு வெளியேதான்.

அப்படியென்றால் நோக்கமாக எதை எழுதுவது? ஜனவரி 31க்குள் நாங்கள் செய்யக்கூடியதாகவும், வேறொருவர் அளந்து பார்க்கக்கூடியதாகவும் உள்ள ஒன்றை. "குளம் நிறைந்திருக்கும்" என்று எழுதினால் மழைக்கு நாங்கள் பொறுப்பாகிவிடுவோம். மழை வந்தால் நிறையக்கூடிய நிலையில் குளம் இருக்கும் என்று எழுதலாம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"ஜனவரி 31க்குள், பெயர் குறிப்பிட்ட மூன்று குளங்களும், கமநல அபிவிருத்தித் திணைக்களம் அங்கீகரித்த வரைபடத்திலுள்ள முழுக் கொள்ளளவுக்கு நீரைத் தேக்கக்கூடிய நிலையில் இருக்கும். அணைக்கட்டு, மேலதிக நீர் வழியும் வான், வயலுக்கு நீர் திறக்கும் துருசு ஆகியவற்றின் மட்டங்களைத் திணைக்களத்தின் தொழினுட்ப உத்தியோகத்தர் அளந்து கையெழுத்திட்ட இறுதி அறிக்கை இதற்குச் சான்று."

இரண்டாவது நோக்கத்தைப் பயிற்சியில் இருந்து எடுக்கலாம். "90 பேருக்குப் பயிற்சி வழங்கல்" என்று 8ஆம் ஸ்லைட் சொல்கிறது. அது நாங்கள் செய்யும் வேலை, ஆகவே வேலை எல்லைக்குள் போகட்டும். பயிற்சி முடிந்த பிறகு என்ன மாறவேண்டும்? மூன்று கமக்காரர் அமைப்புகளும் துருசு திறக்கும் முறைவரிசையையும் பராமரிப்புக்குக் காசு சேர்க்கும் விதத்தையும் தங்கள் கூட்டக் குறிப்பில் எழுதிவைத்து, அந்தக் காலபோகத்திலேயே அதன்படி தண்ணீர் திறந்திருக்க வேண்டும். அது நோக்கம். இந்த இரண்டு வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நீங்கள் ஏன் ஒரே விசயத்தை மாற்றி மாற்றி எழுதினீர்கள் என்பது விளங்கும்.

விளைச்சலை முழுதாகக் கைவிடத் தேவையில்லை. கொடையாளர் அந்த 20 வீதத்தைப் பார்த்துத்தான் காசு தந்திருப்பார். "விளைச்சல் ஒப்பீடு திட்டக் காலத்துக்குப் பின்னர் ஏப்ரலில் நடைபெறும், பொறுப்பு தலைமை அலுவலகத்தின் கண்காணிப்புப் பிரிவு, அடிப்படைத் தரவு சேகரிப்பு மட்டும் இத்திட்டத்தில் மார்ச் நடுப்பகுதிக்குள் முடியும்" என்று ஒரு வசனம் போடுங்கள். கண்காணிப்புப் பிரிவு சண்டைக்கு வரும். வரட்டும், சாட்டர் எழுதும்போது வருகிற சண்டை மலிவு.

வேலை எல்லை பற்றிச் சொல்லும் முன் என் சொந்தக் கதை ஒன்று. மீள்குடியேற்றம் நடந்த காலம். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு சிறு குளம், நான்தான் திட்ட முகாமையாளர். எந்த நிறுவனம் என்பது இப்போது வேண்டாம். சாட்டரில் வேலை எல்லை என்ற தலைப்பின் கீழ் "குளத்தைப் புனரமைத்தல்" என்று இரண்டே சொல். நானே எழுதியது. அணைக்கட்டு உயர்த்தி, துருசு மாற்றி, வான் கட்டி, எல்லாம் நேரத்துக்கு முடிந்தது. திறப்பு விழாவுக்குப் பொங்கிப் படைத்தார்கள். கமக்காரர் அமைப்பின் தலைவர் எனக்குப் பக்கத்தில் நின்று துருசுக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி நிக்குது தம்பி, வயலுக்கு எப்பிடி வாறது?" என்று கேட்டார். வாய்க்கால் இருந்த இடத்தில் பற்றை. யுத்த காலம் முழுக்க யாரும் கால் வைக்காத இடம். பொறியியலாளர் மனதில் குளம் என்றால் அணையும் துருசும் வானும். ஊர்ச் சனத்தின் மனதில் குளம் என்றால் வயலின் கடைசி வரம்பு வரைக்கும். இருவரும் அதே இரண்டு சொல்லுக்குத்தான் தலையாட்டியிருக்கிறார்கள். அந்தக் காலபோகத்தில் கடைசி வயல்களுக்குத் தண்ணீர் போகவில்லை.

ஆகவே உங்கள் 8ஆம் ஸ்லைடில் உள்ள "குளப் புனரமைப்பு" என்ற சொல்லை உடையுங்கள். குளத்தடியில் நின்றுகொண்டு எழுதுவதுபோல் அலைகரையில் இருந்து தொடங்கி வயல் வரை நடந்து வாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் உள்ளேயா வெளியேயா என்று கேளுங்கள். குளத்தின் அடி வண்டல்? அணைக்கட்டு? அணைக்கட்டின் மேல் போகும் பாதை? வான்? துருசு? பிரதான வாய்க்கால் எத்தனை மீற்றர்? வயலுக்குள் போகும் கிளை வாய்க்கால்? குளிக்கும் துறைப்படி? மாடு தண்ணீர் குடிக்க இறங்கும் இடம்? ஸ்லைடில் இதில் எதுவும் இல்லை. இல்லாதது வெளியே என்று நீங்கள் நினைப்பீர்கள், உள்ளே என்று ஊர் நினைக்கும்.

வெளியே நிற்பவற்றைப் பெயர் சொல்லி எழுதவேண்டும். ஊர்க் கூட்டத்தில் முதலில் வரும் கோரிக்கை "குளத்தை ஆழமாக்கித் தாங்கோ" என்பதுதான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெக்கோ வந்து நிற்கும்போது அந்தக் கோரிக்கை இன்னும் பலமாக வரும். துருசின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது, பம்ப் வைத்து இறைக்கத்தான் வேண்டும். மாட்டுக்கும் மீனுக்கும் கிணற்று ஊற்றுக்கும் அது நல்லது, ஆனால் இந்தத் திட்டத்தின் காசு அதற்கில்லை. "துருசின் அடிமட்டத்துக்குக் கீழ் ஆழமாக்குதல், கிளை வாய்க்கால்கள், விதைநெல் வழங்கல் ஆகியவை இத்திட்டத்தில் அடங்கா" என்று ஒரு வரி சாட்டரில் இருந்தால், அந்தக் கூட்டத்தில் நீங்கள் தனியாக நின்று பதில் சொல்லத் தேவையில்லை. விதைநெல் அந்த வரியில் இருக்குமா இல்லையா என்பது கொழும்புப் பதிலைப் பொறுத்தது. மூன்று குளங்களின் பெயரையும் கிராம உத்தியோகத்தர் பிரிவையும் போட மறக்காதீர்கள். வன்னியில் ஒரே பெயரில் இரண்டு குளம் இருப்பது புதினமில்லை.

கட்டுப்பாடு என்ற தலைப்பில்தான் உங்கள் ஸ்லைட்கள் மிகவும் வெறுமையாக இருக்கின்றன. 14ஆம் ஸ்லைடில் ஆபத்துகள் என்று போட்டு "காலநிலை – நடுத்தரம்" என்று ஒரு மஞ்சள் பெட்டி. நீங்கள் அதைக் கட்டுப்பாட்டுக்குள் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். உள்ளுணர்வு சரி, எழுதிய விதம் போதாது. ஒக்டோபரில் மழை தொடங்கும், நவம்பர் டிசெம்பரில் கொட்டும். இது நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்ற விசயமா? வன்னியில் பிறந்த சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நிச்சயமாக நடக்கப்போவது கட்டுப்பாடு. செப்டெம்பர் நடுவிலேயே மழை முந்திக்கொண்டு வருவது ஆபத்து. இரண்டும் வேறு வேறு.

அந்தக் கட்டுப்பாட்டைத் திகதியாக எழுதுங்கள்: "அணைக்கட்டு மண் வேலை முழுவதும் செப்டெம்பர் 30க்குள் முடிய வேண்டும்." எழுதியவுடன் 16ஆம் ஸ்லைடில் உள்ள கால அட்டவணையைப் பாருங்கள். கட்டுமானம் ஜூனில் இருந்து நவம்பர் வரை நீட்டிக் கிடக்கிறது. ஆறு மாதம் என்று நினைத்து யாரோ அழகாகக் கோடு போட்டிருக்கிறார். ஈர மண்ணில் ரோலர் ஓடாது, ஓடினாலும் மண் இறுகாது, முதல் வெள்ளத்தில் அந்த இடம்தான் உடைக்கும். உண்மையில் கையில் இருப்பது ஜூன் 1 முதல் செப்டெம்பர் 30 வரை, ஏறக்குறைய 17 கிழமை. ஒரு குளத்துக்கு ஆறு கிழமை என்று வைத்தால், ஒரே ஒப்பந்தகாரர் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய 18 கிழமை வேண்டும். ஒரு கிழமை இடிக்கிறது, அதுவும் ஒரு நாள்கூட மெசின் பழுதாகாமல் இருந்தால். ஆகவே இரண்டு குளத்தையாவது ஒரே நேரத்தில் தொடங்கவேண்டும், அதற்கு இரண்டு ஒப்பந்தகாரர் அல்லது இரண்டு அணி. இந்த முடிவைக் கொள்முதல் பிரிவு கேள்விக்கோரல் எழுதுவதற்கு முன்னம் அறியவேண்டும்.

அங்கிருந்து பின்பக்கமாக எண்ணுங்கள். ஜூன் 1இல் பெக்கோ இறங்க வேண்டும் என்றால், கேள்விக்கோரல், மதிப்பீடு, ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் எட்டுக் கிழமையை ஒதுக்குவேன். அது ஏப்ரல் முதல் கிழமையில் விளம்பரம் போகவேண்டும் என்று சொல்கிறது, அதுவும் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை நடுவில் வரும் மாதம். அப்படியானால் அளவீடும் திணைக்கள அங்கீகாரமும் மார்ச் 31க்குள். திட்டம் தொடங்குவதோ பெப்ரவரி 1. இப்போது தெரிகிறதா, பன்னிரண்டு மாதத் திட்டத்தில் உங்கள் கழுத்தைப் பிடிக்கும் திகதி முதல் எட்டுக் கிழமைக்குள்ளேயே இருக்கிறது. இது 19 ஸ்லைடில் எங்கேயும் இல்லை. சாட்டரின் முதல் பக்கத்தில் இருக்கவேண்டும்.

பணத்தையும் அப்படியே. 30 மில்லியன் கட்டுமானத்துக்கு. தொழினுட்ப உத்தியோகத்தர் இன்னும் நாடா பிடித்து அளக்கவில்லை, ஆகவே அது மதிப்பீடு இல்லை, மேல்வரம்பு. "மேல்வரம்பு" என்ற சொல்லையே எழுதுங்கள். மழையும் நகராது, கொடையாளரின் காசும் நகராது என்றால், அளவீட்டில் 34 மில்லியன் என்று வந்தால் எது நகரும்? வேலை எல்லைதான். எது முதலில் விழும் என்பதை இப்போதே கேட்டு எழுதிவிடுங்கள். துறைப்படி முதலில், பிறகு அணைமேல் பாதை, பிறகு பிரதான வாய்க்காலின் கொங்கிறீற்றுப் பகுதியை மண்வாய்க்காலாக்குதல் என்று நான் வரிசைப்படுத்துவேன். வானிலும் துருசிலும் கை வைக்கமாட்டேன். உங்கள் மேலாளர் வேறு வரிசை சொல்லலாம். வரிசை ஒன்று இருக்கவேண்டும், அவ்வளவுதான். இல்லாவிட்டால் ஓகஸ்டில் அணைக்கட்டில் நின்றுகொண்டு ஒப்பந்தகாரர் அந்த முடிவை எடுப்பார்.

எடுகோளுக்கு ஒரே ஒரு உதாரணம் காட்டுகிறேன், மற்றவற்றை அதைப் பார்த்து எழுதிவிடுவீர்கள். ஒரு குளத்துக்கு 10 மில்லியன் என்று கணக்குப் போட்டவர், கிறவல் மண் பக்கத்தில் எடுக்கலாம் என்று மனதுக்குள் நினைத்துத்தான் போட்டிருப்பார். எங்கள் பக்கத்தில் "பக்கத்தில்" என்பது லேசான சொல் இல்லை. கிறவல் உள்ள மேட்டுக்காணி வனத் திணைக்களத்துக்கு உரியதாக இருக்கலாம். அனுமதி வேண்டும். கண்ணிவெடி அகற்றி முடிந்த காணி என்ற உறுதிப்படுத்தல் வேண்டும், குளத்துக்கு மட்டும் வாங்கிவிட்டுக் கிறவல் வெட்டும் இடத்துக்கு வாங்க மறப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். புவிச்சரிதவியல் பணியகத்தின் அனுமதி இல்லாமல் ரிப்பர் வீதியில் ஏறினால் பொலிஸ் மறிக்கும். இதில் ஒன்று பிழைத்தாலும் கிறவல் 5 கிலோமீற்றரில் இருந்து 20 கிலோமீற்றருக்குப் போய்விடும், மண்ணின் விலையைவிட ஏற்றுக்கூலி கூடிவிடும்.

இதைச் சாட்டரில் "கிறவல் கிடைக்கும்" என்று எழுதினால் பிரயோசனம் இல்லை. "மூன்று குளங்களுக்கும் 5 கிலோமீற்றருக்குள் அனுமதி பெறக்கூடிய கிறவல் இடம் உண்டு என எடுத்துக்கொள்கிறோம். திட்ட உத்தியோகத்தர் பிரதேச செயலகத்தின் ஊடாக மார்ச் 15க்குள் உறுதிப்படுத்துவார். இல்லையெனில் கட்டுமானச் செலவு மீள மதிப்பிடப்பட்டு, வேலை எல்லை மேற்சொன்ன வரிசைப்படி குறைக்கப்படும்." என்ன நம்புகிறோம், யார் எப்போது பார்த்துச் சொல்வார், பொய்த்தால் என்ன. மூன்றும் இருந்தால்தான் அது எடுகோள். இதே அச்சில் இன்னொன்று எழுதவேண்டி வரும்: ஜூனில் குளம் வற்றியிருக்கும் என்பது. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் சிறுபோகம் செய்வதாக முடிவெடுத்துவிட்டால் குளத்தில் தண்ணீர் வைத்திருப்பார்கள், உங்கள் பெக்கோ கரையில் நிற்கும். அந்தக் கூட்டத்துக்கு முன்னம் நீங்கள் அந்தக் கமக்காரர்களுடன் பேசியிருக்க வேண்டும், ஒரு போகத்தை விட்டுக்கொடுக்கக் கேட்பது சின்ன விசயமில்லை.

கடைசியாக, ஸ்லைடிலும் இல்லாத, உங்கள் படிவத்திலும் வெறுமையாக விட்ட ஒரு பெட்டி: திட்ட முகாமையாளரின் அதிகாரம். சாட்டர் என்ற ஒன்று இருப்பதற்கே அடிப்படைக் காரணம் அதுதான். நிறுவனத்தின் ஆளையும் காசையும் பயன்படுத்த இன்னாருக்கு அதிகாரம் உண்டு என்று மேலிடம் எழுத்தில் தருகிற கடதாசி அது. எழுதுவது நீங்களாக இருக்கலாம், கையெழுத்து காசுக்குப் பொறுப்பானவருடையது. உங்கள் மேலாளர் களத்தில் எவ்வளவு ரூபாய் வரையான மாற்றத்தைத் தானே அங்கீகரிக்கலாம், எதற்குக் கொழும்பைக் கேட்கவேண்டும் என்று ஓர் எண் வேண்டும். எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கிய 3 மில்லியனை யார் தொடலாம் என்பதும் அதற்குள் வரும். எண் இல்லாவிட்டால், துருசுக்குக் கீழே எதிர்பாராத பாறை ஒன்று தட்டுப்படும் அன்றைக்கு எல்லோரும் மின்னஞ்சலுக்குக் காத்திருப்பார்கள். 17 கிழமையில் அப்படி இரண்டு கிழமை போனால் திரும்பி வராது.

முழுச் சாட்டரையும் எழுதி முடித்துவிட்டு அனுப்பலாம் என்று பார்க்கவேண்டாம். திங்கட்கிழமை காலையில் ஒரு பக்கத்தில் கேள்விகளை மட்டும் அனுப்புங்கள்: நான்காவது குளம் உண்டா, விதைநெல்லுக்குக் காசு எங்கே, விளைச்சலை அளப்பது யார், வேலையில் முதலில் விழுவது எது, முகாமையாளர் எவ்வளவு வரை கையெழுத்திடலாம். முதல் கேள்விக்குப் பதில் வரும்வரை ஒருவரும் அந்த நான்காவது ஊர்ப் பக்கம் வாகனத்தில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பெயர் போட்ட வாகனம் குளத்தடியில் ஒருதரம் நின்றுவிட்டால், அந்தச் சனத்துக்கு அதுதான் சாட்டர்.